கிரைண்டரில் வேலை தேங்கும்போது லேத்தை வேகப்படுத்தினால் லாபம் ஏன் ஏறாது: த்ரூபுட் கணக்கு, படிப்படியாக

கோயம்புத்தூர்ப் பக்கம் பம்ப், மோட்டார் கம்பெனிகளுக்கு ஷாப்ட் செய்துகொடுக்கும் சிறு யூனிட்டுகளில் வேலை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கும். கம்பியை பேண்ட்சாவில் வெட்டுவார்கள். சி.என்.சி லேத்தில் டர்னிங், மில்லிங் மெஷினில் கீவே முடிந்ததும் இண்டக்‌ஷன் ஹார்டனிங்குக்கு வெளியே ஜாப் ஒர்க் போகும். திரும்பி வந்த பிறகு சிலிண்ட்ரிக்கல் கிரைண்டிங். இந்த வரிசையில் எந்த மெஷின் வேகமானால் லாபம் ஏறும், எது வேகமானாலும் ஏறாது என்பதைக் கண்டுபிடிக்க உதவுவதுதான் த்ரூபுட் கணக்கு. இஸ்ரேலிய இயற்பியலாளர் எலியாஹு கோல்ட்ராட் 1980களில் முன்வைத்த தடைக் கோட்பாட்டிலிருந்து பிறந்த முறை இது.

கீழே இருப்பது இரண்டு வகை ஷாப்ட் செய்யும் ஒரு மாதிரி யூனிட். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் யூனிட்டின் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதல் படி: பணத்தை மூன்றாகப் பிரிப்பது

த்ரூபுட் என்பது ஒரு பீஸ் விற்றால் உள்ளே வரும் பணத்தில், அந்த பீஸுக்காகவே வெளியே போகும் பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது. கம்பி விலை, ஹார்டனிங் கூலி, பீஸுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் கமிஷன் ஆகியவை கழியும். மாதச் சம்பளம் கழியாது. இங்கேதான் பழைய காஸ்ட் ஷீட்டோடு கணக்கு பிரிகிறது. லேத் ஆபரேட்டர் ஒரு பீஸை 4 நிமிடத்தில் முடித்தாலும் 3 நிமிடத்தில் முடித்தாலும் மாதக் கடைசியில் அதே சம்பளம்தான். ஆகவே சம்பளம், வாடகை, மெஷின் தவணை, ஆபீஸ் செலவு எல்லாம் நடப்புச் செலவு என்ற ஒரே பையில் போகும். உங்கள் யூனிட்டில் உண்மையாகவே பீஸ் ரேட் கூலி என்றால், அதை மட்டும் த்ரூபுட்டில் கழிக்க வேண்டும். மூன்றாவது முதலீடு: மெஷின், கம்பி, பாதி முடிந்த பீஸ்கள் என உள்ளே முடங்கிக் கிடக்கும் பணம்.

```
பீஸ் த்ரூபுட் = விற்பனை விலை − அந்த பீஸுக்கே ஆகும் வெளிச்செலவு
மாத லாபம்    = மொத்த த்ரூபுட் − நடப்புச் செலவு
```

சின்ன ஷாப்ட்டின் விலை 180 ரூபாய். கம்பி 88, ஹார்டனிங் 12 போனால் த்ரூபுட் 80. பெரிய ஷாப்ட் 390 ரூபாய். கம்பி 220, ஹார்டனிங் 44 போனால் த்ரூபுட் 126. யூனிட்டின் நடப்புச் செலவு மாதம் 2,60,000 ரூபாய். வாடிக்கையாளர்கள் மாதம் சின்னது 3,000, பெரியது 1,500 கேட்கிறார்கள்.

இரண்டாம் படி: எந்த மெஷின் தடை என்று கண்டுபிடிப்பது

மாதம் 25 நாள், நாளுக்கு 2 ஷிப்ட், ஷிப்டுக்கு 8 மணி என்றால் 400 மணி. சாப்பாட்டு இடைவேளை அரை மணி வீதம் 25 மணி போகும். செட்டிங், வீல் டிரஸ்ஸிங், சுத்தம் செய்வதில் இன்னும் 15 மணி போகும். மிச்சம் 360 மணி, அதாவது மெஷினுக்கு 21,600 நிமிடம். ஒவ்வொரு வகையிலும் ஒரு மெஷின்தான் இருக்கிறது.

| மெஷின் | சின்னது (நிமிடம்) | பெரியது (நிமிடம்) | முழு ஆர்டருக்குத் தேவை |
|---|---|---|---|
| பேண்ட்சா | 1.5 | 2 | 7,500 |
| சி.என்.சி | 4 | 5 | 19,500 |
| கீவே மில்லிங் | 3 | 4 | 15,000 |
| கிரைண்டிங் | 5 | 9 | 28,500 |

கிரைண்டரிடம் இருப்பது 21,600 நிமிடம், கேட்பது 28,500. அதுதான் பாட்டில்நெக். மற்ற மூன்றுக்கும் நேரம் மிச்சமாகிறது.

இந்தப் பட்டியலின் நம்பகம் சைக்கிள் நேரத்தை எப்படி எடுத்தீர்கள் என்பதில் இருக்கிறது. டிராயிங்கோடு கோட்டேஷனில் எழுதிய நேரத்தைப் போடாதீர்கள். ஸ்டாப்வாட்சோடு நின்று, பீஸை ஏற்றி இறக்குவதையும் அளவு பார்ப்பதையும் சேர்த்து 30 பீஸாவது எடுங்கள். கிரைண்டரில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் சென்டர் ஹோலைத் துடைப்பது, மைக்ரோமீட்டர் வைத்துப் பார்ப்பது, ஸ்பார்க் அவுட்டுக்குக் காத்திருப்பது எல்லாம் கோட்டேஷனில் இருக்காது.

கணக்கைக் கண்ணால் சரிபார்க்கவும் வழி உண்டு. எந்த மெஷினுக்கு முன்னால் டிரே அடுக்கு மாதம் முழுக்கக் குறையாமல் நிற்கிறதோ, அதற்கு அடுத்த மெஷின் எப்போதும் பீஸுக்காகக் காத்திருக்கிறதோ, அதுதான் தடை. அடுக்கு இந்த வாரம் மில்லிங்கில், அடுத்த வாரம் லேத்தில் என்று இடம் மாறினால் பெரும்பாலும் மெஷின் காரணமாக இருக்காது. 500 பீஸ் முடிந்தால்தான் டிரே நகரும் என்பது போன்ற பெரிய லாட் பழக்கம் காரணமாக இருக்கும். அப்போது புது மெஷின் வாங்குவதற்கு முன் டிரே அளவைக் குறைத்துப் பாருங்கள்.

மூன்றாம் படி: தடை நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பது

காஸ்ட் ஷீட்டில் மெஷின் நிமிடத்துக்கு 4 ரூபாய் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சின்னதுக்கு மொத்தம் 13.5 நிமிடம், 54 ரூபாய். த்ரூபுட் 80இல் கழித்தால் லாபம் 26. பெரியதுக்கு 20 நிமிடம், 80 ரூபாய். லாபம் 46. ஆகவே பெரியதை முதலில் ஓட்டச் சொல்லும் அந்த ஷீட்.

த்ரூபுட் கணக்கு ஒரே கேள்விதான் கேட்கும்: கிரைண்டரின் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு கிடைக்கிறது? சின்னதில் 80ஐ 5ஆல் வகுத்தால் 16 ரூபாய். பெரியதில் 126ஐ 9ஆல் வகுத்தால் 14 ரூபாய். சின்னதுதான் முதலில் ஓட வேண்டும்.

பெரியதை முதலில் ஓட்டினால் 1,500 பீஸுக்கு 13,500 நிமிடம் போகும். மிச்சமுள்ள 8,100 நிமிடத்தில் சின்னது 1,620 வரும். த்ரூபுட் 3,18,600, லாபம் 58,600 ரூபாய். சின்னதை முதலில் ஓட்டினால் 3,000 பீஸுக்கு 15,000 நிமிடம், மிச்சம் 6,600 நிமிடத்தில் பெரியது 733. த்ரூபுட் 3,32,358, லாபம் 72,358 ரூபாய். மெஷினும் ஆளும் மாறவில்லை. வரிசை மாறியதற்கே மாதம் 13,758 ரூபாய் கூடுதல்.

நடைமுறையில் இரண்டும் ஒரே வாடிக்கையாளருக்கு என்றால் பெரியதை முழுக்கக் குறைக்க விடமாட்டார். அப்போதும் இந்தக் கணக்கு உதவும். அவருக்காக ஒவ்வொரு கூடுதல் பெரிய ஷாப்டும் ஓட்டும்போது எவ்வளவு விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பது தெரிந்த பிறகு விலை பேசலாம்.

லேத்தை வேகப்படுத்தினால் நடப்பது

டூல் வியாபாரி வருகிறார். புது கிரேடு இன்சர்ட் போட்டால் சி.என்.சியில் பீஸுக்கு 1 நிமிடம் குறையும், மாதம் 8,000 ரூபாய் கூடுதலாகும் என்கிறார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். காஸ்ட் ஷீட்டில் 3,733 பீஸ், பீஸுக்கு 1 நிமிடம், நிமிடத்துக்கு 4 ரூபாய் என்று 14,932 ரூபாய் மிச்சம் காட்டும். 8,000 போக 6,932 லாபம் என்று கையெழுத்தாகிவிடும்.

மாதக் கடைசியில் பணப்பெட்டியைப் பாருங்கள். கிரைண்டர் அதே 21,600 நிமிடம்தான் ஓடியது. அதனால் வெளியே போன பீஸ்களும் அதே 3,000, 733தான். விற்பனை மாறவில்லை, கம்பிச் செலவும் சம்பளமும் மாறவில்லை. கூடியது இன்சர்ட் செலவு 8,000 மட்டும். லாபம் 72,358இலிருந்து 64,358ஆக இறங்கிவிட்டது. அந்த 14,932 ரூபாய் யாருடைய பையிலிருந்தும் மிச்சமாகவில்லை. லேத் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா நின்றது, அவ்வளவுதான்.

லேத்தைச் சும்மா நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் இதைவிட மோசம். பழைய வேகத்திலேயே லேத்தால் 1,500 பெரிய ஷாப்ட்டும் முடிக்க முடியும். கிரைண்டர் 733தான் எடுக்கும். 767 பீஸ் கிரைண்டருக்கு முன்னால் தேங்கும். ஒவ்வொன்றிலும் கம்பியும் ஹார்டனிங்கும் சேர்ந்து 264 ரூபாய். ஒரே மாதத்தில் 2,02,488 ரூபாய் டிரேயில் முடங்குகிறது. அடுத்த மாதம் இன்னொரு அடுக்கு. அதற்குள் துரு பிடிப்பதும், டிராயிங் மாறி பழைய பீஸ் ஸ்கிராப் ஆவதும் தனிச் செலவு.

இதில் கவலைப்பட வேண்டிய விஷயம், வழக்கமான கணக்கு இந்த அடுக்கை லாபமாகக் காட்டும் என்பது. பாதி முடிந்த ஒவ்வொரு பெரிய ஷாப்ட்டும் பேண்ட்சா, லேத், மில்லிங் என 11 நிமிடத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது, அதாவது 44 ரூபாய். 767 பீஸுக்கு 33,748 ரூபாய் செலவு இந்த மாதக் கணக்கிலிருந்து நகர்ந்து ஸ்டாக் மதிப்பில் ஏறிவிடும். ஏட்டில் லாபம் 1,06,106. கையிலோ, 72,358இல் தேங்கிய 2,02,488ஐக் கழித்தால் 1,30,130 ரூபாய் குறைவு. லாபம் நன்றாக வருகிறது, சம்பளத்துக்குப் பணம் இல்லை என்று வங்கி ஓவர்டிராஃப்டுக்கு ஓடும் யூனிட்டுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாதி முடிந்த பீஸ்களின் எண்ணிக்கை மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருந்தால் அந்த லாபத்தை நம்பாதீர்கள்.

வரிக்கும் வங்கிக்கும் கொடுக்கும் கணக்கை இதற்காக மாற்ற முடியாது. இந்தியக் கணக்கியல் தரம் ஏ.எஸ். 2 நிலையான உற்பத்திச் செலவையும் வழக்கமான உற்பத்தித் திறனின் அடிப்படையில் ஸ்டாக்கில் சேர்க்கச் சொல்கிறது. த்ரூபுட் கணக்கு உள்ளே முடிவெடுப்பதற்கு மட்டும். இரண்டும் தனித்தனித் தாளில் இருக்கட்டும்.

நான்காம் படி: கிரைண்டரின் நிமிடங்களைக் காப்பது

கிரைண்டர் ஒரு மணி நேரம் நின்றால் பெரிய ஷாப்ட்டில் 840 ரூபாய் போகிறது. இந்த எண்ணை மெஷின் மேலேயே எழுதி ஒட்டலாம். இதை வைத்துக்கொண்டு செலவில்லாத வேலைகளிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் சாப்பாட்டு இடைவேளை. மில்லிங் ஆபரேட்டருக்கு நேரம் இருக்கிறது. அவருக்குக் கிரைண்டிங் பழக்கி, சாப்பாட்டு நேரத்தில் அவரை கிரைண்டரில் நிற்கவைத்தால் மாதம் 25 மணி, 1,500 நிமிடம் கிடைக்கும். அதில் பெரியது 167 கூடுதலாக வரும், அதாவது 21,042 ரூபாய். அவருக்கு 4,000 ரூபாய் படி கொடுத்தாலும் 17,042 மிச்சம். மில்லிங் மெஷின் அந்த நேரம் நின்றால் நிற்கட்டும்.

அடுத்தது சோதனை. அளவு தவறிய பீஸ் கிரைண்டருக்குள் போகவே கூடாது. ஹார்டனிங் முடிந்து கிரைண்டிங்குக்கு முன்னால் தள்ளிய பெரிய ஷாப்ட்டால் நஷ்டம் 264 ரூபாய். கிரைண்டிங் முடிந்த பிறகு தள்ளினால் கிரைண்டர் நிமிடங்களும் சேர்ந்து போவதால் முழு 390 ரூபாய். ஆகவே இன்ஸ்பெக்டரை வரிசையின் கடைசியில் மட்டும் வைக்காமல் கிரைண்டருக்கு முன்னாலும் வையுங்கள். ஹார்டனிங்கில் வளைந்த பீஸ்களை அங்கேயே வி-பிளாக்கில் வைத்து டயலில் ரன்-அவுட் பார்த்து நிமிர்த்த வேண்டும். வளைந்த ஷாப்ட்டை கிரைண்டரில் ஏற்றி, ஒரு பக்கம் மட்டும் தேய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் போகும் நிமிடங்கள் யார் கணக்கிலும் வராது.

மூன்றாவதுதான் பலருக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும்: லேத்தை மெதுவாக்குவது. லேத் ஆபரேட்டர் வேகத்துக்காக கிரைண்டிங் அலவன்ஸைத் தாராளமாக விட்டு, சில பீஸில் விட்டத்தில் 0.5 மி.மீ., சிலதில் 0.3 மி.மீ. என்று அனுப்பினால், அந்த உலோகத்தை எல்லாம் வீல்தான் தேய்க்க வேண்டும். லேத்தில் இன்னொரு ஃபினிஷ் பாஸ் போட்டு, எல்லா பீஸிலும் 0.25 மி.மீ. சீராக விடுகிறார்கள் என்று வைப்போம். லேத்தில் பீஸுக்கு அரை நிமிடம் கூடும். கிரைண்டரில் சின்னது 4.5 நிமிடம், பெரியது 8 நிமிடமாகக் குறையும்.

இப்போது சின்னது 3,000க்கு 13,500 நிமிடம் போதும். சாப்பாட்டு நேர ஏற்பாட்டைச் சேர்க்காமலே மிச்சம் 8,100 நிமிடத்தில் பெரியது 1,012 வரும். த்ரூபுட் 3,67,512. லேத்தை மெதுவாக்கியதற்கு மாதம் 35,154 ரூபாய் கூடுதல். காஸ்ட் ஷீட்டோ லேத் எஃபிஷியன்சி விழுந்துவிட்டது என்று சிவப்புக் கோடு போடும்.

இதற்கும் எல்லை உண்டு. ஹார்டனிங்கில் ஷாப்ட் எவ்வளவு வளைகிறதோ அதற்கு மேல் அலவன்ஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் டர்னிங் கோடு அப்படியே நிற்கும். 50 பீஸ் மட்டும் 0.25இல் ஓட்டி, எத்தனை பீஸில் கோடு நிற்கிறது என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: மற்ற மெஷின்களை கிரைண்டரின் தாளத்துக்குக் கொண்டுவருவது

கம்பியை எப்போது வெட்டுவது என்பதை பேண்ட்சா காலியாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. கிரைண்டர் ஒரு நாளில் எவ்வளவு எடுக்கிறதோ அவ்வளவுதான் வெட்ட வேண்டும். தொடக்க நிலைக் கணக்கில் அது நாளுக்கு சின்னது 120, பெரியது 29. ஹார்டனிங் வண்டி ஒரு நாள் தவறினாலும் கிரைண்டர் நிற்காதபடி, கிரைண்டருக்கு முன்னால் இரண்டு நாள் வேலை இருக்கட்டும். அடுக்கு ஒரு நாளுக்குக் கீழே இறங்கினால் மேலே என்ன பிரச்சினை என்று பார்க்க வேண்டும். இரண்டரை நாளைத் தாண்டினால் பேண்ட்சாவை நிறுத்த வேண்டும்.

லேத்துக்கும் மில்லிங்குக்கும் பீஸ் எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் இருந்தால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட நிற்காது. ஆபரேட்டர் தன் வருமானத்துக்காக ஓட்டத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. இன்சென்டிவை, யூனிட்டிலிருந்து நல்லபடியாக வெளியே போன பீஸ்களுக்கு என்று எல்லோருக்கும் பொதுவாக மாற்றிய பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: பணம் போட்டுத் திறனைக் கூட்டுவது

இவ்வளவும் செய்த பிறகுதான் செலவு. சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் கிரைண்டருக்கு 23,100 நிமிடம். சின்னது 13,500 போக 9,600 நிமிடத்தில் பெரியது 1,200. இன்னும் 300 பெரிய ஷாப்ட் பாக்கி. வெளியே கிரைண்டிங் ஜாப் ஒர்க் கேட்டால் பீஸுக்கு 60 ரூபாய் என்கிறார்கள். காஸ்ட் ஷீட்டின்படி நம்மிடம் 8 நிமிடம், 32 ரூபாய்தான். "நம்மிடம் 32, வெளியே 60, எதற்கு?" என்று மறுப்பது வழக்கம்.

ஆனால் 32 ரூபாய்க்குச் செய்துகொள்ளும் வாய்ப்பு நமக்கு இல்லை. கிரைண்டர் நிரம்பிவிட்டது. வெளியே கொடுத்தால் 126இல் 60 போய் 66 ரூபாய் கிடைக்கும், 300 பீஸுக்கு 19,800. கொடுக்காவிட்டால் அந்த 300 பீஸில் கிடைப்பது பூஜ்யம். ஜாப் ஒர்க் கூலி 126ஐத் தொடாதவரை கணக்கு நமக்குச் சாதகம்தான். எல்லாம் சேர்த்தால் த்ரூபுட் 4,11,000. நடப்புச் செலவு படியோடு 2,64,000. லாபம் 1,47,000. இரண்டாவது கிரைண்டர் வாங்கலாமா என்ற கேள்வியையும் இப்படியே பார்க்கலாம். மாதத் தவணையும் ஆள் சம்பளமும் சேர்ந்து, அது மிச்சப்படுத்தப்போகும் 18,000 ரூபாய் ஜாப் ஒர்க் கூலிக்கு மேல் போனால், இந்த ஆர்டர் அளவுக்கு அது வேண்டாம்.

லேத்துக்கு எப்போது நேரம் வரும்

லேத் பக்கம் எப்போதும் பார்க்கவே வேண்டாம் என்பதில்லை. அதை வேகப்படுத்துவதால் ஓவர்டைம் உண்மையாகவே நின்றாலோ, ஒரு ஷிப்டையே எடுக்க முடிந்தாலோ, வெளியே போகும் டர்னிங் வேலை உள்ளே வந்தாலோ நடப்புச் செலவு நிஜமாகக் குறையும். சம்பளப் பட்டியலிலோ ஜாப் ஒர்க் பில்லிலோ எந்த வரி அழிகிறது என்று காட்ட முடிந்தால் மட்டும் அதை மிச்சம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, தடை இடம் மாறுவது. மேலே முடிந்த நிலையில் லேத்தின் கணக்கைத் திரும்பப் போடுங்கள். சின்னது 3,000க்கு 4.5 நிமிடம் வீதம் 13,500. பெரியது 1,500க்கு 5.5 வீதம் 8,250. மொத்தம் 21,750, இருப்பது 21,600. இதுவரை நேரம் மிச்சமிருந்த லேத் இப்போது 150 நிமிடம் பற்றாக்குறையில் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் கிரைண்டருக்கு முன்னாலிருக்கும் அடுக்கு கரைந்து, ஏன் என்று தெரியாமல் டெலிவரி தவறும்.

பழைய இன்சர்ட்காரரை இப்போது கூப்பிடலாமா? 150 நிமிடம் என்பது சுமார் 27 பெரிய ஷாப்ட். வெளியே கிரைண்டிங் போகும் பீஸ்கள்தான் குறையும் என்பதால் பீஸுக்கு 66 ரூபாய் வீதம் சுமார் 1,800 ரூபாயோடு முடிந்துவிடும். 8,000 ரூபாய் இன்சர்ட் இப்போதும் தேவையில்லை. வெளியே கிரைண்டிங் போகும் 300 பீஸுக்கு அந்தக் கூடுதல் ஃபினிஷ் பாஸ் வேண்டாம், ஏனென்றால் அது நம் கிரைண்டரைக் காப்பாற்றப் போட்டது. வெளியில் 60 ரூபாய் கூலியையே ஏற்றாமல் செய்துகொடுப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டு அதை நிறுத்தினால் 300க்கும் அரை நிமிடம் வீதம் சரியாக 150 நிமிடம் கிடைக்கும். ஆனால் அப்போது லேத்தில் ஒரு நிமிடமும் மிச்சமிருக்காது, ஒரு டூல் உடைந்தாலே கிரைண்டர் காத்திருக்கும். ஆகவே லேத்துக்கும் சாப்பாட்டு நேர ஆளைப் போட்டு மாதம் 1,500 நிமிடம் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் ஆர்டரைக் கூட்டும் மாதத்தில் மறுபடி இரண்டாம் படியிலிருந்து பட்டியலைப் போட வேண்டும்.